இன்னைக்காவது

“இன்னைக்கு கொஞ்சம் மெதுவா.”

“இன்னைக்காவது கொஞ்சம் மெதுவா.”

இரண்டும் ஒரே வேண்டுகோள்தான் என்று தோன்றும். முதலாவது ஒரு ராத்திரியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, கழிந்துபோன எல்லா ராத்திரிகளையும் கூண்டில் ஏற்றுகிறது. நடுவில் இருப்பது ‘ஆவது’ என்ற ஓர் இடைச்சொல். தாம்பத்தியத்தில் வேண்டியதை எப்படிக் கேட்பது என்று ஆலோசனை சொல்கிறவர்கள் தைரியம், வெளிப்படைத்தன்மை, புரிதல் என்று பெரிய சொற்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் சொற்களில்தான் என்பது என் கட்சி.

புழக்கத்தில் இருக்கும் வழிகள் மூன்று. குறிப்பால் உணர்த்துவது நம் பழைய வழி. ‘நான்’ என்று தொடங்கிப் பேசுவது மனநல ஆலோசகர்களின் வழி. கையைப் பிடித்துக் காட்டிக்கொடுப்பது பாலியல் சிகிச்சையிலிருந்து வந்த வழி. மூன்றையும் ஒரே தம்பதியின்மேல் வைத்துப் பார்க்கலாம். கற்பனைத் தம்பதிதான், ஆனால் அடுத்த தெருவில் இருக்கக்கூடியவர்கள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். நாலு வயதுக் குழந்தை அதே அறையில் தூங்குகிறது. கூடத்தில் மாமியார். கட்டில் சத்தம் போடும் என்பதால் தரையில் பாய். அவன் அவசரப்படுகிறான். அவளுக்கு வேண்டியது, உறவுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நேரம். கிளிட்டோரிஸ் இருக்கும் பகுதியில், நேராக அழுத்தாமல், லேசான தொடுகை. இது அவளுடைய விசேஷ ஆசையுமல்ல. பெண்களில் பலருக்கு உள்ளே நுழைவதால் மட்டும் உச்சம் வருவதில்லை. உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருப்பது வெளியே, அங்கேதான். ஆனால் அவள் இதைச் சொன்னதில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று, வந்ததுபோல் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் நம்புகிறான். அவன் பக்கமிருந்து பார்த்தால், பலன் தருகிற வழி என்று தனக்கு ஏழு வருஷமாகத் தெரிவிக்கப்பட்டதைத்தான் அவன் செய்துவருகிறான்.

முதலில் குறிப்பு. இதற்கு நம்மிடம் பெரிய மரபு உண்டு. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியத்தின் களவியல். புதுப் பானையில் ஊற்றிய நீர் வெளியே கசிவதுபோல அது தெரியவரும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வள்ளுவர் காமத்துப்பாலில் ‘குறிப்பறிதல்’ என்று ஓர் அதிகாரமும், ‘குறிப்பறிவுறுத்தல்’ என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். ஒன்று படித்துக்கொள்வது, மற்றது படிக்கவைப்பது. தானாகப் படித்துக்கொள்வதே போதுமென்றால் இரண்டாவது எதற்கு?

இந்த மரபின் அழகை மறுக்கவில்லை. ஆனால் அங்கே குறிப்பு சுமக்கும் செய்தி என்ன என்று பார்க்க வேண்டும். ‘எனக்கு உன்மேல் விருப்பம்’, ‘நீ பிரிந்துபோவாயோ என்று பயம்’. ஒரு பார்வையில் அடங்கிவிடக்கூடிய செய்திகள். ‘இன்னும் லேசாக, கொஞ்சம் மேலே, இன்னும் பத்து நிமிஷம்’ என்பதை எந்தப் பார்வையில் ஏற்றுவது? உண்டா இல்லையா என்பதைக் குறிப்பு சொல்லிவிடும். எப்படி, எவ்வளவு என்று கேட்டால் அதற்கு வாய் வராது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் சாண்ட்ரா பையர்ஸும் அவருடைய உடனாய்வாளர்களும் நெடுநாள் சேர்ந்து வாழ்பவர்களிடம், உங்கள் இணைக்குப் படுக்கையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டு, பதிலை இணை சொன்னதோடு ஒப்பிட்டார்கள். பிடித்ததில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு தெரிந்திருந்தது. பிடிக்காததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் தெரிந்திருந்தது. பானை கசிவது உண்மைதான். ‘பிடிக்கும்’ மட்டும் கசிகிறது, ‘வேண்டாம்’ உள்ளேயே நின்றுவிடுகிறது. நம் தம்பதியிடமும் இதைப் பார்க்கலாம். அவன் அழுத்தித் தொடும்போது அவள் உடம்பு விறைக்கிறது. அவனுக்கு அது கிளர்ச்சியாகத் தெரிகிறது. கையை விலக்குகிறாள், வெட்கம் என்று எடுத்துக்கொள்கிறான். (பெண் விலக்கினால் அது வெட்கம் என்று நம் சினிமா மூன்று தலைமுறைக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அந்தக் கடனை அவன் மட்டும் அடைக்க முடியாது.)

சரி, வாயைத் திறக்க விடாமல் தடுப்பது எது? கூச்சம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆயிரம் பெண்களுக்குச் சற்று அதிகமானவர்களிடம் இதைக் கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள், இணையிடம் படுக்கையைப் பற்றிப் பேச நினைத்துப் பேசாமல் விட்டிருக்கிறார்கள். காரணங்களில் முன்னால் நின்றது இணையின் மனம் புண்படுமே என்ற பயம், நூற்றுக்கு 42 பேர். விவரமாகச் சொல்லத் தயக்கம் 40. கூச்சம் அதற்கும் பிறகு, 38. இடைவெளி சிறியது, நாடும் வேறு, ஆகவே இந்த எண்களை இங்கே அப்படியே ஒட்டிவிட முடியாது. ஆனாலும் வரிசை யோசிக்க வைக்கிறது. மனம் புண்படுவது, சொன்னது பழியாகக் கேட்கும்போதுதான். கூச்சமும் பழியும் ஒன்றல்ல. கூச்சம் தன்னைப் பற்றியது, பழி அடுத்தவரைப் பற்றியது, மருந்தும் வேறுவேறு.

தமிழில் கூச்சத்தில் ஒரு பங்கு சொல் இல்லாத கூச்சம். உறுப்புகளுக்கு நம்மிடம் இருப்பவை ஆஸ்பத்திரிச் சொற்கள், இல்லாவிட்டால் வசைச் சொற்கள். ‘பிறப்புறுப்பு’ என்று எந்த மனைவியும் இருட்டில் சொல்லமாட்டாள். ஆனால் பெயர்ச்சொல் எதற்கு? ‘இங்க’, ‘இப்படி’, ‘இவ்ளோ போதும்’. சுட்டெழுத்துகளை இலக்கணக்காரர்கள் வேறு காரியத்துக்காகத்தான் வகுத்தார்கள். இந்தக் காரியத்துக்கும் அவை கச்சிதம். (யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ‘உங்கை’ என்று ஒரு மூன்றாவது சுட்டும் பேச்சில் மிஞ்சியிருக்கிறது, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்ட. கொடுத்துவைத்தவர்கள்.) நீ, நீங்க சிக்கலையும் இதே வழியில் தாண்டலாம். அவன் அவளை ‘நீ’ என்கிறான், அவள் அவனை ‘நீங்க’ என்கிறாள். ‘இப்படிச் செய்யுங்க’ என்று ஏவுவது அவள் நாக்குக்குக் கனமாக இருக்கிறது. வினையை விட்டுவிட்டால் ஏவலே இல்லை: ‘கொஞ்சம் மெதுவா…’ தமிழில் அது முழு வாக்கியம்.

ஆகக் கூச்சம் பெரிய எதிரியல்ல. பழிதான். அதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது இரண்டாவது வழி.

தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-இல் பெற்றோருக்காக எழுதிய புத்தகத்தின் மூலம் பரவியது ‘நான்’ வாக்கியம். பிள்ளையிடம் ‘நீ இப்படி, நீ அப்படி’ என்று தீர்ப்புச் சொல்லாதே. உன் நடத்தை இது, அதனால் எனக்கு இப்படி இருக்கிறது, இன்ன பாதிப்பு என்று சொல். பிள்ளை வளர்ப்புக்காக வகுத்ததைத் தம்பதி ஆலோசனையும் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அது இப்படி வருகிறது: “நீங்க அவசரப்படும்போது எனக்கு ஏமாற்றமா இருக்கு.”

இதை இருட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு’ இருக்கிறதுதான். ஆனால் குற்றச்சாட்டு முதல் பாதியிலேயே சொல்லி முடிந்துவிட்டது. பின்பாதி தண்டனை விவரம். ஆங்கிலத்தில் ‘நீ’யை எழுவாய் இடத்திலிருந்து இறக்கி ‘நானை’ உட்காரவைப்பது கொஞ்சம் வேலை செய்கிறது போலும். தமிழில் எழுவாயே பாதி நேரம் வருவதில்லை. வலியும் பசியும் பிடித்தமும் நமக்கு ஏற்கனவே ‘எனக்கு’தான். ‘எனக்குத் திருப்தியே இல்லை’ என்பதில் ‘நீ’ இல்லை, கேட்கிறவனுக்குச் சுருக்கென்று குத்தும். ‘நீங்க இப்படித் தொட்டா நல்லாருக்கு’ என்பதில் முதல் சொல்லே ‘நீங்க’, பழி துளியும் இல்லை. ஆகவே பழியை அளக்க, யார் எழுவாய் என்பது தமிழில் உதவாத அளவுகோல்.

உதவுகிற அளவுகோல் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, வாக்கியம் எந்தப் பக்கம் பார்க்கிறது: கழிந்ததையா, வரப்போவதையா? கழிந்ததை உள்ளே கொண்டுவரும் கள்ளச் சாவிகள் நம் இடைச்சொற்களே. ‘இன்னைக்காவது’, ‘ஒருதடவைகூட’, ‘கேட்கவே மாட்டீங்க’, ‘எப்பவும் இப்படித்தான்’. இவற்றை எடுத்துவிட்டால் மீதி வாக்கியம் பெரும்பாலும் குற்றமற்றதாக நிற்கும். மற்றது, கேட்டதை அடுத்த பத்து விநாடியில் செய்ய முடியுமா? ‘கொஞ்சம் அன்பா நடந்துக்கோங்க’ என்று கேட்டால் எந்தக் கை என்ன செய்யும்? செய்ய முடியாத வேண்டுகோள் தோற்கத்தான் செய்யும். தோற்றதும் அதுவே குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

கார்டனின் முறையை முழுக்கத் தள்ளவில்லை. தன் உணர்வைத் தன்னுடையதாகச் சொல்லப் பழக்குகிறது. பகல் பேச்சுக்கு அது வேண்டும். இருட்டில் அது நீளம், கனம்.

மூன்றாவது வழி அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பிறந்தது. வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970-இல் தங்கள் சிகிச்சை முறையைப் புத்தகமாக்கினார்கள். ஒருவர் தொட, மற்றவர் வாங்கிக்கொள்ள, பிறகு மாறிக்கொள்ள வேண்டும். ஆரம்ப நாட்களில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு, உறவும் விலக்கு. உச்சம் என்ற இலக்கை எடுத்துவிட்டுத் தொடுகையை மட்டும் கவனிக்கச் செய்வது நோக்கம். பின்னால் ஒரு கட்டத்தில், வாங்கிக்கொள்பவர் தன் கையைத் தொடுபவரின் கைமேல் வைத்து, இடத்தையும் அழுத்தத்தையும் வேகத்தையும் காட்டுகிறார். இதுதான் நமக்கு வேண்டிய பகுதி. அவர்கள் சொன்ன வெற்றிக் கணக்கை 1980-இல் ஜில்பர்கெல்ட், எவன்ஸ் என்ற இருவர் கேள்வி கேட்டு உரித்துவிட்டார்கள். அந்த எண்களை வைத்து நான் வாதாடப் போவதில்லை. கை மேல் கை வைப்பது எண்களை நம்பி நிற்கவில்லை. எங்கே, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் சொல்ல எந்த மொழியாலும் முடியாது. கையால் முடியும். அதைவிட முக்கியமாக, கைக்கு இறந்தகாலம் கிடையாது. ‘ஆவது’ போட்டுத் தொட முடியாது.

செய்முறை எளிது, கெடுவதும் எளிது. அவன் புறங்கைமேல் அவள் உள்ளங்கை, பூ வைத்த கனம். இழுக்கக் கூடாது, கூடப் போக வேண்டும். ஏழெட்டு விநாடி தான் விரும்பும் வேகத்தில் கொண்டுபோய், பிறகு கையைத் தளர்த்தி அவனிடமே விட வேண்டும். அவன் பழைய வேகத்துக்குத் திரும்பினால் மறுபடி. சரியாக வந்த நிமிஷத்தில் ஒரு ‘ம்’ வேண்டும். இதைத்தான் பலர் விடுகிறார்கள். தப்பை மட்டும் திருத்திச் சரியானதுக்கு மௌனமாக இருந்தால் படுக்கை டியூஷன் சென்டர் ஆகிவிடும்.

கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் கை பிடிப்பின்றித் தளர்ந்து உத்தரவுக்குக் காத்திருந்தால், அவள் கை கனத்துவிட்டது என்று பொருள். “சரியா? இப்போ சரியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அவன் தொடுவதை விட்டுவிட்டுத் தன்னையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான். மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் பெயர் வைத்து விவரித்த கோளாறு அது. ஆண்களில் சிலருக்கு அதனாலேயே விறைப்பு போய்விடும். அப்போது வழிகாட்டலை நிறுத்திவிட்டுச் சும்மா அணைத்துக்கொள்வது நல்லது.

கைக்கு எட்டாதவையும் உண்டு. இதுவரை செய்யாத ஒன்றைக் கை காட்டாது. ‘வேண்டாம்’ என்பதைத் தெளிவாகச் சொல்லாது. ‘பத்து நிமிஷம்’ என்ற கால அளவைக் கையால் பிடித்துவைக்க முடியாது. ஆகவே பேச்சு வேண்டும். எங்கே, எப்போது என்பதில்தான் அது பிழைக்கும் அல்லது சாகும். உறவு முடிந்த கையோடு சொன்னால் மதிப்பெண் போடுவதாக இருக்கும். சண்டைக்கு நடுவில் சொன்னால் ஆயுதம். எதிரெதிரே உட்கார்ந்து ‘உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்’ என்றால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வயிறு கலங்கும். பக்கத்துப் பக்கத்தில், கண்கள் சந்திக்காமல், கையில் வேறு வேலையோடு இருப்பதுதான் நல்ல இடம். நம் தம்பதிக்கு அது மொட்டைமாடி, துணி எடுக்கும் நேரம்.

அவள் மனதில் முதலில் வந்த வாக்கியம்: “ஏழு வருஷமா ஒருதடவைகூட எனக்கு எதுவும் ஆனதில்ல.” உண்மைதான். ‘ஏழு வருஷமா’, ‘கூட’ இரண்டும் சேர்ந்து அவனைச் சுவரோடு ஒட்டிவிடும். அடுத்து வந்தது: “ஒண்ணுமில்ல, சும்மா.” இதில் பழி இல்லை, செய்தியும் இல்லை. மூன்றாவதாகச் சொன்னது இது: “ராத்திரி, முதல்ல இன்னும் ஒரு பத்து நிமிஷம் கையால மட்டும் இருக்கலாமா? எனக்கு அது ரொம்பப் புடிக்குது. எப்படின்னு காட்டுறேன்.”

ஓரளவு நல்ல வாக்கியம். ஆனால் எந்த நல்ல வாக்கியத்துக்கும் வரக்கூடிய பதில் வந்தது: “அப்போ இவ்ளோ நாளா புடிக்கலையா?”

ஆலோசனை நூல்கள் பொதுவாக இந்த இடத்துக்கு முன்னாலேயே அத்தியாயத்தை முடித்துவிடுகின்றன. நடித்ததை ஒப்புக்கொள்வதா? முழு உண்மைதான் நெருக்கம் என்பது ஒரு வாதம். முடிந்ததைக் கிளறுவானேன் என்பது மற்றொன்று. இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது: “சேச்சே, அப்படியெல்லாம் இல்ல” என்றால், பிறகு எதற்குக் கேட்டாய் என்று அவன் குழம்புவான், பழைய வழியே சரி என்று மீண்டும் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். முதலாவது, கேட்காத ஏழு வருஷக் கணக்கை அவன் தலையில் கொட்டுகிறது. கேட்டதற்கு மட்டும், எண்ணிக்கை இல்லாமல், உண்மையாகப் பதில் சொல்வதே தாங்கும் என்பது என் முடிவு: “பக்கத்துல இருக்கறது புடிக்கும். ஆனா முழுசா வந்ததில்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வந்த மாதிரி இருந்துட்டேன்.” இது அவனுக்கு வலிக்கும். வலியே இல்லாத வழி இருப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். நடிப்பை மட்டும் அன்றைக்கே நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் கை கற்றுக்கொடுப்பதைப் பொய்யான முனகல் அழித்துவிடும்.

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா முழிச்சுடுவாங்களோன்னுதான் எனக்கு எப்பவும் பயம்” என்றான். அவனுடைய அவசரத்தை இத்தனை நாள் அவள் அக்கறையின்மை என்று படித்திருந்தாள். குறிப்பறிதல் இரண்டு பக்கமும் தோற்றிருக்கிறது. வேண்டுகோள் ஒன்றைக் கேட்டு வைத்ததால்தான் காரணம் வெளியே வந்தது. வந்ததும் பாதிச் சிக்கல் கால அட்டவணைச் சிக்கலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை பாட்டியும் பேரனும் கோயிலுக்குப் போகும் ஒன்றரை மணி நேரம் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது.

ஆக, தீர்ப்பைப் பங்கு பிரித்துத்தான் தர முடியும். ‘பிடிக்கும்’ என்பதற்குக் குறிப்பு போதும். எங்கே, எவ்வளவு என்பதற்குக் கை. புதியதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் பகல் பேச்சு, இடைச்சொற்களைக் களைந்து. ‘நான்’ வாக்கியம் தமிழில் அதன் புகழுக்குத் தகுந்த வேலையைச் செய்யவில்லை.

இரண்டு இடங்களில் மூன்றுமே உதவாது. வலி இருந்தால் அது சொல்முறைச் சிக்கல் அல்ல. பிரசவத்துக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் வரும் வறட்சி, நுழைவின்போது தசை தானாக இறுகுவது, மனச்சோர்வு மாத்திரைகளில் சில உச்சத்தைத் தள்ளிப்போடுவது எல்லாம் மருத்துவரிடம் போக வேண்டியவை. இவற்றைக் ‘கைத்திறன்’ குறையாக நினைத்து ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மற்றது, ‘வேண்டாம்’ என்றால் அடியோ மிரட்டலோ விழும் வீடு. அங்கே வாக்கியத்தை மென்மையாக்கச் சொல்வது அநியாயம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. 181 என்ற உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

மாடியில் துணி மடித்து முடியும் நேரத்தில் அவனும் ஒன்று கேட்டான். “நீயும் ஒருநாளாவது தானா என் பக்கம் வரலாம்ல?”

அவள் கிளிப்புகளை டப்பாவில் போட்டபடி, “ஒருநாளாவதா?” என்றாள்.

“சரி. வந்தா எனக்குப் புடிக்கும்.”